தாளைப் பார்த்தபடியே தமிழில் சொல்வது: புதிய மொழிபெயர்ப்பாளர்களுக்கு

கிளினிக்கில் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளராகப் போயிருக்கிறீர்கள். நர்ஸ் சொல்வதைத் தமிழிலும், நோயாளி சொல்வதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்லிக்கொண்டு இருக்கும்போது, நர்ஸ் ஒரு தாளை எடுத்து உங்கள் கையில் கொடுத்து, "இதை அவருக்குப் படித்துச் சொல்லிவிடுங்கள்" என்கிறார். தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. எதிரே இருப்பவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். எழுதிப் பார்த்து மொழிபெயர்க்க நேரம் கிடையாது. கண் ஆங்கிலத்தில் ஓட, வாய் தமிழில் பேச வேண்டும். இதைத்தான் தொழிலில் சைட் டிரான்ஸ்லேஷன் என்கிறார்கள்.

இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள். சொல் தெரியாததால் தடுமாறுவது குறைவு. வாக்கியம் போகும் திசைதான் பெரிய சிக்கல். ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடும். நிபந்தனையும் காலமும் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். தமிழில் நிபந்தனையும் காலமும் முன்னால் வர, வினை கடைசியில் வந்து வாக்கியத்தை முடிக்கும். அதனால் ஆங்கில வாக்கியத்தின் கடைசித் துண்டு பல நேரம் தமிழ் வாக்கியத்தின் முதல் துண்டாகிவிடுகிறது. அதைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தால் பாதி வழியில் நிற்பீர்கள், அல்லது தப்பாக முடிப்பீர்கள். வாக்கியத்தின் வாலைப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பது என்ற ஒரு பழக்கத்தை முதலில் பிடித்துக்கொண்டால், மற்றவை மெல்ல வந்துவிடும்.

தாள் கைக்கு வந்ததும்

உடனே ஆரம்பிக்காதீர்கள். தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் அச்சு இருக்கிறதா, மொத்தம் எத்தனை பக்கம், கையால் எழுதிய இடம் உண்டா, டிக் அடித்த கட்டங்கள் உண்டா என்று பாருங்கள். இதற்குச் சில நொடிகள் போதும். பின்பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கும் ஒன்று. அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்வது என்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

அப்புறம் நேரம் கேளுங்கள். நர்ஸிடம், "இரண்டு நிமிடம் கொடுங்கள், ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கேளுங்கள். அதையே தமிழில் நோயாளியிடமும் சொல்லுங்கள். அதைச் சொல்ல மறந்தால், நீங்கள் முகத்தைச் சுருக்கித் தாளைப் படிப்பதைப் பார்த்து, ஏதோ கெட்ட செய்தி என்று அவர் பயந்துபோய்விடுவார். பயந்துபோனவர் காதில் அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது பாதிதான் விழும்.

இரண்டு நிமிடம் கேட்பது அதிகம் என்று கூச்சப்பட வேண்டாம். அமெரிக்காவின் மாநில நீதிமன்றங்களுக்கான மொழிபெயர்ப்பாளர் தேர்வில் சைட் டிரான்ஸ்லேஷன் பகுதிக்குச் சுமார் 225 சொற்கள் உள்ள தாள் ஒன்றைக் கொடுத்து 6 நிமிடம் தருகிறார்கள். மனதுக்குள் படித்துப் பார்ப்பது, வாய்விட்டுச் சொல்வது இரண்டும் அதற்குள் முடிய வேண்டும். தேர்ந்தவர்களைச் சோதிக்கும் இடத்திலேயே கணக்கு இப்படி இருக்கும்போது, அதே அளவுள்ள கிளினிக் தாளைப் பார்த்த மாத்திரத்தில் ஒப்பிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

இந்தத் தாளை நீங்கள் வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டுமா என்பதையும் அந்த நேரத்திலேயே முடிவு செய்யுங்கள். ஒரு பக்கக் குறிப்புகள், சந்திப்புக் கடிதம், சிறிய படிவம் என்றால் சரி. பல பக்கங்கள் உள்ள ஒப்புதல் படிவத்தைக் கொடுத்து, "வெளியே உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி வாருங்கள்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவ மொழிபெயர்ப்புக்கான அமெரிக்க தேசியக் குழு 2009-இல் இதைப் பற்றி வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டது. ஒப்புதல் வாங்குவது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. அவர் கூடவே இருந்து விளக்க வேண்டும், நோயாளி கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தனியாகப் படித்துக் காட்டினால், நோயாளிக்கு வரும் சந்தேகத்தைத் தீர்க்க அந்த இடத்தில் ஆளே இருக்காது. மரியாதையாக இப்படிச் சொல்லலாம்: "நான் சொல்லத் தயார். அவர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல டாக்டரோ நீங்களோ கூட இருக்க வேண்டும்."

அந்த இரண்டு நிமிடத்தில் என்ன படிப்பது

முதலில் தலைப்பு, யார் எழுதியது, யாருக்கு, எதற்காக என்று பாருங்கள். தடித்த எழுத்தில் இருப்பதையும் கடைசிப் பத்தியையும் பாருங்கள். தாள் என்ன கேட்கிறது என்று தெரிந்துவிட்டால் நடுவில் வரும் வாக்கியங்கள் பாதி பிடிபட்டுவிடும்.

இரண்டாவது முறை எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு படிக்காமல் ஆபத்தான இடங்களை மட்டும் தேடுங்கள். நீளமான வாக்கியங்களில் வால் எங்கே இருக்கிறது, எதிர்மறை எங்கே வருகிறது, எண்கள் என்னென்ன, தெரியாத சொல் எது. பிரதி என்றால் பென்சிலால் லேசாகக் குறிக்கலாம். நோயாளி கையெழுத்திடப் போகும் அசல் என்றால் தாளில் கை வைக்காமல், வேறு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தெரியாத சொல்லை இப்போதே நர்ஸிடம் கேட்டுவிடுங்கள். நடுவில் நின்று கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். யோசிப்பது போலக் காட்டிக்கொண்டு ஊகிப்பது மட்டும் கூடவே கூடாது.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம்

மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோபி செய்யப் போகும் ஒருவருக்குக் கொடுக்கும் ஒரு பக்கக் குறிப்பு இது. வாய் வழியாகக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை. இப்படிப்பட்ட தாள்களில் வரக்கூடிய சில வாக்கியங்களை நெருங்கிப் பார்ப்போம்.

முதல் வாக்கியத்தின் ஆங்கிலத் துண்டுகள் இந்த வரிசையில் இருக்கின்றன: நிறுத்தாதீர்கள் / இரத்தம் உறையாமலிருக்க நீங்கள் எடுக்கும் மருந்தை / அல்லது மாற்றாதீர்கள் / அதன் அளவை / சோதனைக்கு முன் / சொன்னாலன்றி / அதை எழுதிக் கொடுத்த மருத்துவர்.

வாலைப் பார்க்காதவர் இப்படிச் சொல்வார்: "இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்தைச் சோதனைக்கு முன் நிறுத்தக் கூடாது அல்லது அளவை மாற்றக் கூடாது..." என்று சொல்லிவிட்டு, மீதி இருப்பதைக் கண்டு தயங்கி, "மருத்துவர் சொன்னால் தவிர" என்று ஒட்டவைப்பார். இதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. முதல் கோளாறு "அல்லது". எதிர்மறையோடு சேரும்போது, இரண்டில் ஏதோ ஒன்றைத்தான் செய்யக் கூடாது என்று காதில் விழ வாய்ப்பு உண்டு. ஆங்கிலம் சொல்வது இரண்டையுமே செய்யக் கூடாது என்பது. இரண்டாவது கோளாறு, எந்த மருத்துவர் என்பது தொலைந்துபோவது. எண்டோஸ்கோபி செய்பவரா, அந்த மருந்தை எழுதிக் கொடுத்தவரா? தாள் மருந்தை எழுதிக் கொடுத்தவரைத்தான் சொல்கிறது. இது தொலைந்தால் நோயாளி தப்பான ஆளிடம் போய்க் கேட்பார்.

வாலைப் பார்த்தவர் இப்படிச் சொல்வார்: "இரத்தம் உறையாமலிருக்க நீங்கள் ஒரு மருந்து எடுக்கிறீர்கள். அதை எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்லாமல், சோதனைக்கு முன் அந்த மருந்தை நிறுத்தவும் கூடாது, அளவை மாற்றவும் கூடாது." ஒரு வாக்கியம் இரண்டானது. ஆனால் எதுவும் கூடவில்லை, எதுவும் குறையவில்லை. நிபந்தனை முன்னால் வந்துவிட்டதால், "கூடாது" என்ற இடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கேட்பவர் எதையும் திருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது பட்டினி இருப்பது பற்றி. சோதனைக்கு முன் 6 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தெளிந்த நீர்மங்களை 2 மணி நேரத்துக்கு முன்பு வரை குடிக்கலாம் என்று தாள் சொல்கிறது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், தண்ணீர், பால் சேர்க்காத தேநீர் என்று இருக்கிறது. புதியவர்கள் அடைப்புக்குறியை ஏதோ கூடுதல் தகவல் போல நினைத்துத் தாண்டிவிடுவார்கள். இங்கே அதுதான் உயிர்நாடி. வெறுமனே "திரவம் குடிக்கலாம்" என்றால் பாலும் திரவம்தானே என்று தோன்றும். பால் குடித்துவிட்டு வந்தால் சோதனையைத் தள்ளிப்போடக்கூடும். அதனால் "தெளிந்த" என்ற சொல்லும் அடைப்புக்குறிக்குள் இருப்பதும் அப்படியே வர வேண்டும்.

இங்கே இன்னொரு சோதனையும் காத்திருக்கிறது. தாளில் சந்திப்பு நேரம் காலை 10.30 என்று கையால் எழுதியிருக்கிறது. "அப்படியென்றால் 4.30-க்கு மேல் சாப்பிடக் கூடாது" என்று நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். 10.30 என்பது வந்து பதிவு செய்யும் நேரமா, சோதனை தொடங்கும் நேரமா என்பது உங்களுக்குத் தெரியாது. "6 மணி நேரம்" என்று இருப்பதை அப்படியே சொல்லுங்கள். நோயாளி "எத்தனை மணியோடு நிறுத்த வேண்டும்?" என்று கேட்டால், கேள்வியை நர்ஸிடம் கொண்டுபோங்கள். பதில் அவரிடமிருந்து வரட்டும்.

மூன்றாவது வாக்கியம் சோதனை முடிந்த பிறகு. ஆங்கில வரிசை: செய்யாதீர்கள் / வண்டி ஓட்டுவது / இயந்திரங்களை இயக்குவது / மது குடிப்பது / அல்லது கையெழுத்திடுவது / சட்ட ஆவணங்களில் / 24 மணி நேரத்துக்கு / மயக்க மருந்து கொடுத்த பின். ஆங்கிலத்தில் எதிர்மறை ஒரே ஒரு தடவை, தொடக்கத்தில் வருகிறது. அதைத் தமிழில் அப்படியே ஒரே ஒரு "கூடாது"வாகக் கடைசியில் வைத்தால், கேட்பவர் நான்கு செயல்களையும் கேட்டுக்கொண்டு, இவை செய்ய வேண்டியவையா கூடாதவையா என்று தெரியாமலே காத்திருக்க வேண்டும். நடுவில் யாராவது இருமினால் போச்சு. நான் எப்போதும் காலத்தை முதலில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வினையை முடித்துவிடுவேன்: "மயக்க மருந்து கொடுத்ததிலிருந்து 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது. இயந்திரங்களை இயக்கக் கூடாது. மது குடிக்கக் கூடாது. சட்ட ஆவணங்களில் கையெழுத்துப் போடக் கூடாது." எழுத்தில் இது சலிப்பாக இருக்கும். காதுக்கு இதுதான் தெளிவு.

கடைசியாக எச்சரிக்கைப் பட்டியல். இரத்த வாந்தி, கடுமையான வயிற்று வலி, கறுப்பாக மலம் போவது என்று ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக இருக்கிறது. மேலே, இவற்றில் எது இருந்தாலும் உடனே தொடர்புகொள்ளுங்கள் என்று ஒரு வரி. இந்த இடத்தில் மட்டும் ஆங்கில வரிசையையே வைத்துக்கொள்வது நல்லது. "இப்போது சொல்லப்போவதில் எது ஒன்று வந்தாலும் உடனே எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று முதலில் முடித்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லலாம். "எது ஒன்று" என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மூன்றையும் அடுக்கி "இருந்தால்" என்று முடித்தால், மூன்றும் சேர்ந்து வந்தால்தான் கூப்பிட வேண்டும் என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம்.

எந்தத் தமிழில் பேசுவது

தாளைப் பார்த்துப் பேசும்போது வாயில் தானாகவே எழுத்துத் தமிழ் வந்துவிடும். "மது அருந்துதல் தவிர்க்கப்பட வேண்டும்" என்று செய்தி வாசிப்பது போல ஆரம்பித்துவிடுவோம். கேட்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும், ஆனால் மனதில் தங்காது. அவரோடு இதுவரை எந்தத் தமிழில் பேசிக்கொண்டு இருந்தீர்களோ அதிலேயே தொடருங்கள். "குடிக்கக் கூடாதுங்க" என்றால் போதும். பேச்சுத் தமிழுக்கு மாறுவதால் துல்லியம் குறையாது. சொல்லின் பலத்தை மாற்றினால்தான் குறையும்.

பலம் என்று எதைச் சொல்கிறேன் என்றால், தாளில் "கூடாது" என்று இருக்கிறதா, "தவிர்ப்பது நல்லது" என்று இருக்கிறதா, "தேவையில்லை" என்று இருக்கிறதா என்பதை. இவை மூன்றும் வேறு வேறு. அக்கறையால் மெல்லியதைக் கடுமையாக்குவதும், கடுமையானதை மென்மையாக்குவதும் தப்பு. "தொண்டை வலிக்கலாம்" என்று இருந்தால் "வலிக்கும்" என்று சொல்லக் கூடாது. "வலிக்காது, பயப்படாதீர்கள்" என்றும் சொல்லக் கூடாது.

இந்தத் தாள்களில் செயப்பாட்டு வினை மிக அதிகம். தொண்டையில் மரத்துப்போகச் செய்யும் ஸ்பிரே அடிக்கப்படும், இடது பக்கமாகப் படுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுவீர்கள் என்றெல்லாம் வரும். பேச்சில் "படும்" போட்டு யாரும் பேசுவதில்லை. உடனே "டாக்டர் ஸ்பிரே அடிப்பார்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் தாள் யார் என்று சொல்லவில்லை, நர்ஸாகவும் இருக்கலாம். தமிழ் இதற்கு வசதியான வழி வைத்திருக்கிறது: "ஸ்பிரே அடிப்பாங்க, இடது பக்கமாப் படுக்கச் சொல்வாங்க." ஆளைக் குறிப்பிடாமலே வாக்கியம் இயல்பாக முடிந்துவிடும்.

மருத்துவச் சொற்களைப் பொறுத்தவரை என் கருத்து இது: ஊரறிந்த சொல் இருந்தால் அதைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தாளில் இருக்கும் சொல்லையே சொல்லுங்கள். பயாப்ஸி என்று இருந்தால் பயாப்ஸி என்றே சொல்லிவிட்டு, அவர் முகம் கேள்வியாக இருந்தால் நர்ஸிடம், "இந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது, நீங்கள் விளக்கினால் நான் சொல்கிறேன்" என்று கேளுங்கள். இப்படி உங்கள் கருத்தாக ஒன்றைச் சொல்லும்போது, மொழிபெயர்ப்பாளராகச் சொல்கிறேன் என்று தொடங்குங்கள். அதை இரண்டு பேருக்கும் இரண்டு மொழியிலும் சொல்லிவிடுங்கள். யாருக்கும் தெரியாமல் ஒரு பேச்சு நடந்துவிடக் கூடாது.

ஒரே சீரான வேகம்

வேகம் என்றால் வேகமாகப் பேசுவது இல்லை. எளிய வாக்கியத்தில் கடகடவென்று ஓடி, கடினமான வாக்கியத்தில் முட்டி நிற்பதுதான் கேட்பவரைக் களைக்கவைக்கும். எளிய இடத்திலேயே கொஞ்சம் நிதானமாகப் போனால், அந்த நேரத்தில் கண் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். வாய் இந்த வாக்கியத்தின் "கூடாது"வைச் சொல்லிக்கொண்டு இருக்கும்போது கண் அடுத்ததின் வாலைத் தேடிக்கொண்டு இருக்க வேண்டும். ஆரம்பத்தில் இது வராது. அப்போது வாக்கியத்துக்கு வாக்கியம் இரண்டு மூன்று நொடி பேசாமல் இருங்கள். முழுமையான இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே வரும் அமைதி யாரையும் தொந்தரவு செய்யாது. கேட்டதை மனதில் வாங்கிக்கொள்ள நேரமும் கிடைக்கும். வாக்கியத்துக்கு நடுவில் வரும் "வந்து... அது வந்து..." தான் நம்பிக்கையைக் குலைக்கும்.

ஒரு சின்ன உத்தி. வரியைத் தவறவிடாமல் இருக்கப் பலர் வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்துக்கொள்வார்கள். சாதாரணமாகப் படிக்க அது சரி. இந்த வேலைக்கு அது கெடுதல், அடுத்த வரியை மறைத்துவிடும். அட்டையை வரிக்கு மேலே வையுங்கள். சொல்லி முடித்தது மறையட்டும், சொல்லப் போவது தெரியட்டும்.

வாக்கியம் மிக நீளமாக இருந்து வால் எட்டாத தூரத்தில் இருந்தால், அதை வெட்டுங்கள். வெட்டும் இடம் முக்கியம். நிபந்தனையை ஒரு பக்கமும் அதன் விளைவை இன்னொரு பக்கமும் பிரிக்காதீர்கள். யாரைப் பற்றி, எதைப் பற்றி என்பதைத் தனி வாக்கியமாக முன்னால் வைத்துவிடலாம், மேலே மருந்து விஷயத்தில் செய்தது போல.

தப்பாகச் சொல்லிவிட்டீர்கள் என்று தெரிந்தால் உடனே "திருத்திச் சொல்கிறேன்" என்று சொல்லி, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். தப்பான சொல்லை மட்டும் மாற்றிப் போட்டால், பழையதும் புதியதும் கேட்பவர் மனதில் கலந்துவிடும்.

எண், சுருக்கெழுத்து, டிக் அடித்த கட்டம்

எண் வரும் இடத்தில் வேகத்தைக் குறைத்து அலகோடு சேர்த்துச் சொல்லுங்கள். மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் 1000 மடங்கு வித்தியாசம். கையெழுத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியலாம். புள்ளி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் எழுதியவரிடம் கேட்காமல் வாயைத் திறக்காதீர்கள். 03/04 போன்ற தேதியில் மாதம் எது, நாள் எது என்பதையும் கேட்டுவிடுங்கள். நாளுக்கு இரண்டு முறை என்பதும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதும் ஒன்று இல்லை. தாளில் எது இருக்கிறதோ அதுதான். சுருக்கெழுத்துகளை ஊகித்து விரிக்க வேண்டாம். ஒரே இரண்டு எழுத்து, கண் மருத்துவத்தில் வலது கண்ணையும் மருந்துச் சீட்டில் நாளுக்கு ஒருமுறை என்பதையும் குறிக்கக்கூடும்.

படிவத்தில் டிக் அடித்த கட்டங்கள் இருந்தால், அடித்ததை மட்டும் சொல்வதா, எல்லாவற்றையும் சொல்வதா என்று நர்ஸிடம் கேளுங்கள். நோயாளியே தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டம் என்றால் எல்லாத் தெரிவுகளையும் ஒரே குரலில் சொல்லுங்கள். ஒன்றை அழுத்திச் சொன்னால் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

கேள்வி வந்தால், கையெழுத்து வந்தால்

நோயாளி உங்களைத்தான் கேட்பார். நீங்கள்தான் அவர் மொழி பேசுகிறீர்கள், தாளும் உங்கள் கையில்தான் இருக்கிறது. "இதில் கையெழுத்துப் போடலாமா? நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்பார். பாசத்தோடு கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனாலும் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் பதிலைத் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். விட்ட இடத்தில் விரலை வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

கையெழுத்து இடத்தில் சாட்சி என்று ஒரு கோடு இருந்து, அதில் உங்களைக் கையெழுத்திடச் சொன்னால் அவசரப்படாதீர்கள். அந்த நோயாளி புரிந்துகொண்டு சம்மதித்தார் என்பதற்கு நீங்கள் சாட்சி ஆக முடியாது. நீங்கள் உறுதி சொல்லக்கூடியது, தாளில் இருப்பதைத் தமிழில் சொன்னீர்கள் என்பதை மட்டும்தான். மொழிபெயர்ப்பாளருக்கென்று தனிக் கோடு இருந்தால் அங்கே போடலாம். உங்களை அனுப்பிய இடத்தின் விதி என்ன என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள்.

அலுவலகக் கடிதம்

அலுவலகங்களில் வரும் கடிதங்களுக்கும் இதே முறைதான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே விளைவு முன்னாலும் நிபந்தனை பின்னாலுமாக வரும். உங்கள் விண்ணப்பம் முடித்துவைக்கப்படும் / நாங்கள் ஆவணங்களைப் பெறாவிட்டால் / இக்கடிதத் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள். வாலிலிருந்து ஆரம்பியுங்கள்: "இந்தக் கடிதத்தில் இருக்கும் தேதியிலிருந்து 30 நாளைக்குள் ஆவணங்கள் எங்களுக்கு வந்து சேராவிட்டால், உங்கள் விண்ணப்பத்தை முடித்துவிடுவோம்." கடிதத்தின் தேதி என்று இருப்பதை, இன்று கையில் கிடைத்த தேதி என்று அவர் எடுத்துக்கொள்ளாதபடி தெளிவாகச் சொல்லுங்கள். "வந்து சேர வேண்டும்" என்பதை "அனுப்ப வேண்டும்" என்று மாற்றிவிடாதீர்கள். கடைசி நாளில் அனுப்பினால் போதும் என்று ஆகிவிடும். குறிப்பு எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லிவிட்டு, தாளில் அது எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டுங்கள்.

வீட்டில் பழக

யார் பெயரும் இல்லாத பழைய குறிப்புத் தாள்கள், மருந்துப் பெட்டிக்குள் வரும் விளக்கச் சீட்டுகள் நல்ல பாடங்கள். நிஜ நோயாளியின் தாளை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. முதலில் பேசாமல், ஒவ்வொரு வாக்கியத்திலும் தமிழில் எந்தத் துண்டு முதலில் வரும் என்று மட்டும் குறித்துப் பழகுங்கள். சில பக்கங்கள் செய்த பிறகு கண் தானாகவே வாலுக்குத் தாவத் தொடங்கும்.

பிறகு, முன்னால் பார்க்காத ஒரு 200 சொல் தாளை எடுத்து, இரண்டு நிமிடம் படித்துவிட்டுச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பதிவைக் கேட்கும்போது ஆங்கிலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று விதக் குறிகள் போடுங்கள்: விட்டுப்போனது, நீங்களாகச் சேர்த்தது, மாறிப்போனது. பெரும்பாலானவர்களுக்கு விட்டுப்போனவைதான் அதிகம் கண்ணில் படும். அவை அடைப்புக்குறிகள், "குறைந்தது", "அதிகபட்சம்" போன்ற சின்னச் சொற்கள், பட்டியலின் நடு உருப்படிகள் ஆகிய இடங்களில்தான் கூடும். அப்புறம் தாளை வைத்துவிட்டு, பதிவை மட்டும் இன்னொருமுறை கேளுங்கள். வாக்கியத்துக்கு நடுவே எங்கெல்லாம் நின்றீர்களோ, அங்கெல்லாம் தாளைத் திறந்து அந்த வாக்கியத்தின் கடைசிச் சொற்களைப் பாருங்கள். நீங்கள் பார்க்காமல் விட்ட வால் பெரும்பாலும் அங்கே இருக்கும். அந்த வாக்கியங்களை மட்டும் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் சொல்லிப் பாருங்கள்.